ஒரகடத்துத் துணை நிறுவனமும் 2 விழுக்காடும்: மார்ச் 31-இல் கொடுத்த காசோலை ‘செலவு’ ஆகுமா?

கேள்வி: “அக்கா, எங்கள் கம்பெனி பினாங்கு பாயான் லெப்பாஸில் இருக்கிறது. சென்னைக்கு அருகே ஒரகடத்தில் எங்களுக்கு ஒரு துணை நிறுவனம். அங்கே லாபத்தில் 2 விழுக்காட்டை சிஎஸ்ஆர் என்னும் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவழித்தே ஆக வேண்டும் என்கிறார் கணக்காய்வாளர். அந்தப் பணத்தை இங்குள்ள தமிழ்ப்பள்ளிக்குக் கொடுக்கலாமே என்று எங்கள் போர்டில் கேட்கிறார்கள். அது முடியாதென்றால், மார்ச் 31-க்குள் அங்குள்ள ஒரு டிரஸ்ட்டுக்குக் காசோலை கொடுத்துவிட்டால் கடமை முடிந்ததா?”

தம்பி, இரண்டுக்கும் பதில் ‘இல்லை’தான். முதல் ‘இல்லை’யை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். இரண்டாவதில்தான் கம்பெனிகள் மாட்டிக்கொள்கின்றன, நானும் ஒரு தடவை மாட்டியிருக்கிறேன். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு இந்தியத் துணை நிறுவனங்களின் போர்டு தாள்களைப் பல வருடமாகத் தயாரித்து வருகிறேன். இங்கிருந்து பார்க்கும்போது எது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது என்பது அந்த வேலையில் கற்றதுதான்.

தமிழ்ப்பள்ளி விஷயம் முதலில். இந்திய நிறுவனச் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவு சொல்லும் அந்த 2 விழுக்காடு இந்தியாவுக்குள்தான் செலவாக வேண்டும். இந்தியாவுக்கு வெளியே செய்யும் எதுவும் சிஎஸ்ஆர் கணக்கில் சேராது என்று விதியே சொல்கிறது. தேசிய அளவில் ஒரு மாநிலத்தையோ, அனைத்துலக அளவில் இந்தியாவையோ பிரதிநிதிக்கும் விளையாட்டாளர்களுக்கான பயிற்சி மட்டும்தான் விலக்கு. பினாங்கில் உள்ள பள்ளி எவ்வளவு தேவையுள்ள பள்ளியாக இருந்தாலும் அந்தப் பணம் இங்கே வர வழியில்லை. பள்ளிக்கு உதவ வேறு வழி இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தாய் நிறுவனம் மலேசியாவில் இருப்பதால் சலுகை ஏதும் கிடைக்குமா என்றால் அதுவும் கிடையாது. ஒரகடத்துக் கம்பெனி இந்தியாவில் பதிவான கம்பெனி. முந்தைய நிதியாண்டில் அதன் நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே கடமை வந்துவிடும். பெரும்பாலும் மூன்றாவதுதான் பிடிக்கும். கடமையைச் சுமப்பது அந்தக் கம்பெனியின் போர்டு. உங்கள் பினாங்கு இயக்குநர்கள் இருவர் அந்த போர்டிலும் உட்கார்ந்திருந்தால், அந்தப் பொறுப்பு அவர்கள் தலையிலும் இருக்கிறது என்பதை அவர்களுக்குச் சொல்லிவையுங்கள். “அதை இந்தியாவில் பார்த்துக்கொள்வார்கள்” என்று நினைப்பவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

உங்கள் எண்கள் என்னிடம் இல்லை. அதனால் ஒரு கணக்கை நானே போட்டுக் காட்டுகிறேன். துணை நிறுவனத்தின் லாபம் 2021-22-இல் 24 கோடி, 2022-23-இல் 33 கோடி, 2023-24-இல் 39 கோடி என்று வைத்துக்கொள்வோம். முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி லாபத்தைத்தான் எடுக்க வேண்டும், இங்கே அது 32 கோடி. அதில் 2 விழுக்காடு 64 லட்சம். 2024-25-இல், அதாவது 2025 மார்ச் 31-க்குள், செலவாக வேண்டிய தொகை இது.

இங்கேயே முதல் தவறு நடக்கும். லாபம் என்பது 198-ஆம் பிரிவின்படி கணக்கிட்ட லாபம். அதில் வருமான வரியைக் கழிக்கக் கூடாது. தாய் நிறுவனத்துக்கு அனுப்பும் கணக்கில் வரிக்குப் பிந்தைய லாபம்தான் கண்முன்னே நிற்கும் என்பதால், பினாங்கில் உள்ளவர்கள் அதை எடுத்துப் போட்டுவிடுவார்கள். வரி சுமார் 25 விழுக்காடு என்றால் 32 கோடி 24 கோடியாகிவிடும், 64 லட்சம் 48 லட்சமாகிவிடும். 16 லட்சம் குறைந்தது மட்டுமில்லை. செலவிட வேண்டிய தொகை 50 லட்சத்தைத் தாண்டாத கம்பெனிக்குத் தனி சிஎஸ்ஆர் குழு தேவையில்லை, போர்டே அந்த வேலையைச் செய்யலாம். ஆக 48 லட்சம் என்று நம்பியவர்கள் குழுவையும் அமைக்காமல் விட்டுவிடுவார்கள். ஒரு தவறு இரண்டு தவறாகிவிடும். 198-இல் வேறு சேர்த்தல் கழித்தலும் உண்டு. நிலமோ இயந்திரமோ விற்று வந்த மூலதன லாபம் அப்படிப்பட்ட ஒன்று. அந்தக் கணக்குத் தாளைக் கணக்காய்வாளரிடம் தனியாகக் கேட்டு வாங்குங்கள். லாப நட்டக் கணக்கின் கடைசி வரியை நம்பாதீர்கள்.

இந்த 64 லட்சத்தை இந்தியாவில் வணிகச் செலவாகக் காட்டி வரி குறைக்கவும் முடியாது. இந்தக் கேள்வியும் உங்கள் போர்டில் எப்படியும் வரும்.

இப்போது பணம் போகும் வழி. குழு ஓர் ஆண்டுச் செயல்திட்டம் தயாரித்து போர்டுக்குப் பரிந்துரைக்க வேண்டும்: எந்தத் திட்டங்கள், யார் செய்வார்கள், பணம் எப்போது எப்படிப் போகும், யார் கண்காணிப்பார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். போர்டு அதை ஏற்கிறது. ஆண்டு நடுவில் மாற்ற வேண்டுமென்றால் குழுவின் பரிந்துரையோடும் காரணத்தோடும் மாற்றலாம். நம் உதாரணத்தில் இரண்டு திட்டங்கள். ஒன்று, தொழிற்சாலைக்குப் பக்கத்துக் கிராமத்து அரசுப் பள்ளியில் கழிப்பறைத் தொகுதியும் அறிவியல் கூடமும், 54 லட்சம், ஒரு டிரஸ்ட் மூலமாக. இன்னொன்று, அதே ஊர் ஏரியைத் தூர்வாருவது, 10 லட்சம், கம்பெனியே நேரடியாக. சட்டம் உள்ளூருக்கு முன்னுரிமை தரச் சொல்வதால் இரண்டுமே நல்ல தேர்வுதான்.

டிரஸ்ட்டைத் தேர்ந்தெடுக்கும்போது அது மத்திய அரசிடம் சிஎஸ்ஆர்-1 படிவம் வழியாகப் பதிவு செய்து எண் வாங்கியிருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஏப்ரல் 1-க்குப் பிறகு அந்த எண் இல்லாத அமைப்பு மூலம் செய்வது கணக்கில் சேராது. உங்கள் கம்பெனி தானே தொடங்காத டிரஸ்ட் என்றால், இது போன்ற வேலையில் மூன்று வருட அனுபவமாவது இருக்க வேண்டும். இன்னொன்று, கட்டும் கூடம் கம்பெனியின் சொத்தாக இருக்கக் கூடாது. பள்ளி அரசுடையது, எனவே கூடமும் கருவிகளும் அரசுத் துறையின் பெயரிலேயே பதிவாகட்டும். “எங்கள் கணினிகள்தான், பள்ளிக்கு இரவல் கொடுத்திருக்கிறோம்” என்ற ஏற்பாட்டை ஒரு கம்பெனியில் பார்த்து நிறுத்தியிருக்கிறேன்.

2025 பிப்ரவரியில் டிரஸ்ட்டுக்கு 54 லட்சமும் போய்விட்டது என்று வையுங்கள். உங்கள் பேரேட்டில் 54 லட்சம் செலவு. ஆனால் சட்டத்தின் பார்வையில் அது இன்னும் செலவாகவில்லை. டிரஸ்ட்டின் கைக்குப் பணம் போவதும் அது வேலைக்குச் செலவாவதும் வெவ்வேறு. இந்திய நிறுவன விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்ட்டில் வெளியிட்ட கேள்வி-பதில் சுற்றறிக்கையில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. அதே ஆண்டு ஜனவரியில் திருத்திய விதிகளின்படி, கொடுத்த பணம் போர்டு ஒப்புக்கொண்ட நோக்கத்துக்கும் முறைக்கும் ஏற்பச் செலவானது என்று போர்டு தானே திருப்தியடைய வேண்டும். நிதித்துறைத் தலைவர் அதற்குச் சான்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்து எதன்மேல் நிற்கிறது என்பதுதான் முக்கியம்.

நான் மாட்டிக்கொண்டதை இந்த இடத்தில் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் நான் போர்டு தாள் எழுதிக்கொண்டிருந்த ஒரு துணை நிறுவனம், ஒரு பள்ளிக் கட்டடத்துக்கு டிரஸ்ட் மூலமாகப் பணம் கொடுத்திருந்தது. மார்ச் 31 தேதியிட்ட பயன்பாட்டுச் சான்றிதழ் வந்தது: அழகான தாள், முத்திரை, “முழுத் தொகையும் செலவாகிவிட்டது”. அதை வைத்து நிதித்துறைத் தலைவர் சான்று கொடுத்தார், நான் போர்டு தாளில் எழுதினேன், போர்டு ஏற்றது. ஜூன் மாதம் வேறு வேலையாகச் சென்னை போயிருந்தபோது, பள்ளியைப் பார்த்துவிட்டு வரலாமே என்று போனேன். கழிப்பறையில் ஓடு பளபளவென்று இருந்தது, ஓட்டின் இடுக்கில் சிமென்ட் தூள்கூட இன்னும் போகவில்லை. தலைமையாசிரியை சாதாரணமாகச் சொன்னார்: “குழாய் போன வாரம்தாம்மா போட்டாங்க. தண்ணித் தொட்டி இன்னும் வரல.”

எனக்கு அங்கேயே வயிறு கலங்கிவிட்டது. திரும்பி வந்து டிரஸ்ட்டிடம் ரசீதுகளைக் கேட்டோம். ஓட்டுக்கான பில் மே மாதத் தேதி. வங்கி அறிக்கையைக் கேட்டோம். மார்ச் 31 அன்று நம் பணத்தில் 9 லட்சம் அவர்கள் கணக்கில் அப்படியே இருந்தது. யாரும் திருடவில்லை. வேலை தாமதமானதால், கொடுத்த பணத்தை ‘செலவானது’ என்று எழுதித் தந்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த 9 லட்சம் ஏப்ரல் 30-க்குள் தனி வங்கிக் கணக்குக்குப் போயிருக்க வேண்டிய பணம், அந்தத் தேதியோ கடந்துவிட்டது. போர்டுக்கு உள்ளதை உள்ளபடி எழுதினோம். தாமதமாகவேனும் பணத்தை மாற்றினோம். நிறுவனப் பதிவாளரிடம் நாங்களே போய்ச் சொன்னோம். சட்டப்படி அபராதம் தொகையைப் போல இரு மடங்கு, அதாவது 18 லட்சம். பொறுப்பான அதிகாரிகளுக்குப் பத்தில் ஒரு பங்கு, தலைக்கு 90,000. அன்று சான்றிதழைத் தாண்டி ஒரு வங்கி அறிக்கையைக் கேட்டிருந்தால் இவ்வளவும் வந்திருக்காது. அந்தத் தாளை எழுதியவள் நான், அது இன்றும் உறுத்துகிறது.

நம் உதாரணத்துக்குத் திரும்புவோம். மார்ச் 31 அன்று பள்ளித் திட்டத்தில் உண்மையாகச் செலவானது 38 லட்சம், டிரஸ்ட் கையில் மிச்சம் 16 லட்சம். ஏரித் திட்டத்துக்கு அனுமதி வருவதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது, ஒரு கூடை மண்கூட எடுக்கவில்லை. ஆக 10 லட்சம் அப்படியே நிற்கிறது. மொத்தம் செலவாகாதது 26 லட்சம். இந்த 26 லட்சமும் ஒரே வகைப் பணம் என்று நினைத்துவிடாதீர்கள்.

பள்ளித் திட்டத்தில் வேலை நடந்துகொண்டிருக்கிறது, போர்டும் அதை ‘தொடரும் திட்டம்’ என்று தீர்மானித்திருக்கிறது. அந்த 16 லட்சத்தை டிரஸ்ட்டிடமிருந்து திரும்ப வாங்கி, வங்கியில் ‘செலவாகாத சிஎஸ்ஆர் கணக்கு’ என்றே திறக்கும் தனிக் கணக்கில் நிதியாண்டு முடிந்து 30 நாளுக்குள், அதாவது 2025 ஏப்ரல் 30-க்குள் போட வேண்டும். அதிலிருந்து அதே திட்டத்துக்கு மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவழிக்கலாம். அதற்குள்ளும் முடியாவிட்டால் மீதம் அரசு நிதிக்குப் போய்விடும்.

ஏரிப் பணத்துக்கு அந்த வசதி கிடையாது. வேலை ஆணையோ ஒப்பந்தமோ அந்த நிதியாண்டுக்குள் கொடுத்திருந்தால்தான் திட்டம் ‘தொடங்கியது’ என்று ஆகும். தொடங்காத திட்டத்தை ‘தொடரும் திட்டம்’ என்று எழுத முடியாது. எனவே அந்த 10 லட்சம் 2025 செப்டம்பர் 30-க்குள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் உள்ள நிதிகளில் ஒன்றுக்கு, பிரதமரின் தேசிய நிவாரண நிதி போன்ற ஒன்றுக்கு, போய்ச் சேர வேண்டும். அந்த ஊர் ஏரிக்கு அதில் ஒரு பைசா வராது. எனக்கு இதுதான் மனத்தாங்கல். டிசம்பரிலேயே யாராவது அனுமதி நிலவரத்தைக் கேட்டிருந்தால், அந்த 10 லட்சத்தைக் குழுவின் பரிந்துரையோடு பள்ளியின் சுற்றுச்சுவருக்கோ வேறு வேலைக்கோ மாற்றியிருக்கலாம். மார்ச் கடைசி வாரத்தில் அதற்கு நேரமிருக்காது.

இரண்டு தேதியையும் தவறவிட்டால் கம்பெனிக்கு அபராதம் 26 லட்சத்தின் இரு மடங்கு, 52 லட்சம். சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு ஒரு கோடி. அதிகாரிக்குப் பத்தில் ஒரு பங்கு 2.6 லட்சம் வரும், ஆனால் அங்கே உச்சவரம்பு 2 லட்சம், எனவே 2 லட்சம். அபராதம் கட்டிவிட்டால் 26 லட்சம் மன்னிக்கப்பட்டுவிடும் என்று நினைக்காதீர்கள், அதையும் மாற்றியே ஆக வேண்டும். தனிக் கணக்கில் பணம் இருக்கும் வரை, அடுத்த வருடக் கடமை 50 லட்சத்துக்குக் கீழே இறங்கினாலும் சிஎஸ்ஆர் குழுவைக் கலைக்கக் கூடாது. மறுபக்கம், ஒரு வருடம் கடமைக்கு மேல் செலவழித்துவிட்டால் போர்டு தீர்மானத்தோடு அந்த மிகுதியை அடுத்த மூன்று நிதியாண்டுகளில் கழித்துக்கொள்ளலாம். அதனால் திட்டத்தைக் கொஞ்சம் தாராளமாகப் போடுவதில் நட்டமில்லை.

போர்டு இதையெல்லாம் எப்படிக் கண்காணிப்பது? அந்த ஜூன் மாதத்துக்குப் பிறகு நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். டிரஸ்ட்டோடு போடும் ஒப்பந்தத்திலேயே, நம் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைக்க வேண்டும் என்று எழுதிவிடுவேன். பணம் ஒரே தடவையில் போகாது. 54 லட்சம் என்றால் அடித்தளத்துக்கு ஒரு தவணை, கூரை முடிந்ததும் ஒன்று, கருவிகள் வந்து இறங்கியதும் ஒன்று. முந்தைய தவணை செலவான ரசீதைப் பார்த்த பிறகுதான் அடுத்தது. குழு செப்டம்பர், டிசம்பர், பிப்ரவரி மூன்று மாதங்களிலும் கூடும். ஒவ்வொரு தடவையும் மூன்று எண்கள் அருகருகே இருக்கும்: போர்டு ஒப்புக்கொண்டது, டிரஸ்ட்டுக்குக் கொடுத்தது, டிரஸ்ட் வங்கி அறிக்கையின்படி வெளியே போனது. இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றாக இருந்தால் நல்லது. இடைவெளி பெரிதாக இருந்தால் அங்கேதான் கேள்வி கேட்க வேண்டும். பெரும்பாலான போர்டு தாள்களில் முதல் இரண்டு எண்கள்தான் இருக்கும், மூன்றாவதைக் கேட்டு வாங்க வேண்டும்.

சான்றிதழ் சரியில்லை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? தொகை வட்டமாக, ஒரு ரூபாய்கூட மிச்சமில்லாமல் முடிந்திருந்தால் சந்தேகப்படுங்கள். கட்டட வேலை அப்படி முடிவதில்லை. ரசீதுகளின் தேதிகளைப் பாருங்கள்: எல்லாம் மார்ச் 28, 29, 30 என்றால், ஒப்பந்ததாரருக்கு முன்பணம் கொடுத்துப் பில் வாங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பிறகு யாராவது ஒருவர் நேரில் போக வேண்டும். ஒரகடத் தொழிற்சாலையில் இருப்பவர் அரை மணி நேரத்தில் போய் வரலாம். ஏப்ரல் முதல் வாரத்தில் அவர் எடுக்கும் படமும், தலைமையாசிரியரிடம் வாங்கி வரும் இரண்டு வரிக் கடிதமும் எந்த முத்திரைச் சான்றிதழைவிடவும் எனக்கு நம்பிக்கை தரும். சராசரி சிஎஸ்ஆர் கடமை 10 கோடியோ அதற்கு மேலோ உள்ள கம்பெனிகளுக்குத் தனியாகத் தாக்க மதிப்பீடு கட்டாயம். உங்கள் அளவுக்கு அது பொருந்தாது, அதில் பணத்தை விடாதீர்கள்.

பினாங்கு போர்டுக்கு இதில் இன்னொரு அக்கறையும் இருக்க வேண்டும். அங்கே அனுமதி தர வேண்டிய ஓர் அதிகாரியோ உள்ளூர் அரசியல்வாதியோ, “இந்த டிரஸ்ட்டுக்கே கொடுங்கள்” என்று பெயர் சொன்னால் உடனே நிறுத்துங்கள். மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17ஏ பிரிவு 2020 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. மலேசியக் கம்பெனியோடு தொடர்புடைய ஒருவர் வணிக லாபத்துக்காகக் கையூட்டு கொடுத்தால், கம்பெனியே குற்றவாளியாகலாம், அது வெளிநாட்டில் நடந்தாலும் சரி. தண்டம் கையூட்டின் மதிப்பில் குறைந்தது பத்து மடங்கு அல்லது 10 லட்சம் வெள்ளி, எது அதிகமோ அது. சிறையும் உண்டு. நன்கொடை என்ற பெயரில் போனாலும் நோக்கம்தான் பார்க்கப்படும். டிரஸ்ட்டை யார் பரிந்துரைத்தார்கள், அவருக்கும் கம்பெனிக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் என்று ஒரு வரி குழுவின் குறிப்பேட்டில் இருக்கட்டும்.

இனித் தமிழ்ப்பள்ளி. மலேசியாவில் இத்தனை விழுக்காடு சிஎஸ்ஆருக்குச் செலவிட வேண்டும் என்று சட்டம் இல்லை. புர்சா மலேசியாவில் பட்டியலிட்ட கம்பெனி ஆண்டறிக்கையில் நிலைத்தன்மை அறிக்கை வெளியிட வேண்டும். அது என்ன செய்கிறோம் என்று சொல்லும் கடமை, இவ்வளவு கொடு என்ற கடமை இல்லை. எனவே பினாங்குப் பள்ளிக்குக் கொடுப்பது உங்கள் தாய் நிறுவனம் தன் சொந்தப் பணத்திலிருந்து, தன் போர்டின் தீர்மானத்தால் செய்ய வேண்டியது. வருமான வரி வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற அமைப்பின் வழியாக ரொக்கமாகக் கொடுத்தால், 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் கம்பெனியின் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழிவு கிடைக்கும். பள்ளியின் மேலாளர் வாரியத்திடமோ பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடமோ நேரடியாகக் கொடுக்கும்முன், அவர்களிடம் அந்த அங்கீகாரக் கடிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கொடுக்கலாம், ஆனால் கழிவு கிடைக்காது என்று போர்டு தெரிந்து கொடுக்கட்டும்.

அடுத்த போர்டு கூட்டத்துக்கு இரண்டையும் தனித்தனித் தாளாகவே வையுங்கள் தம்பி. ஒரகடத்துத் தாளில் 64 லட்சம், அந்த மூன்று எண்கள், ஏப்ரல் 30, செப்டம்பர் 30 ஆகிய தேதிகள். பள்ளித் தாளில் தொகை வெள்ளியில், எந்தப் பள்ளி, எந்த வேலை, யார் பெயரில் காசோலை. ஒரகடத்து வேலை ஆணையின் நகலும் டிரஸ்ட் கணக்கின் கடைசி மூன்று மாத வங்கி அறிக்கையும் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.